கையால் எழுதிய 161 வாக்குமூலத்தைத் தட்டச்சுப் படியாக்கும்போது புரியாத இடங்களை என்ன செய்வது?

"ஐயா, கொலை முயற்சி வழக்கு ஒன்றில் எதிரி தரப்பில் ஆஜராகிறோம். நேரில் பார்த்தவர் என்று சொல்லப்படும் சாட்சி போலீஸ் விசாரணையில் கொடுத்த 161 வாக்குமூலம் நான்கு பக்கம், கையால் எழுதியது. எங்களுக்குத் தந்தது ஜெராக்ஸ். பல இடம் புரியவில்லை. டைப் செய்து வழக்குக் கட்டில் வைக்கச் சொல்கிறார் சீனியர். புரியாத இடத்தை எப்படிக் காட்டுவது? எந்த அளவுக்கு நம்பலாம் என்று குறிப்பு எழுதலாமா?"

ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இறுதிப் படியை முடித்துவிடாதீர்கள். முதல் வாசிப்புக்கு அது போதும். சந்தேகமான இடங்களை அதில் பென்சிலால் வட்டமிட்டு, பக்கமும் வரியும் குறித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீதிமன்றக் கட்டில் உள்ள மூலத்தைப் பார்வையிட மனு போட்டு, அந்த இடங்களை மட்டும் மூலத்தில் பாருங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் மெல்லிய கோட்டை விழுங்கிவிடும், கறையைக் கறுப்பாக்கிவிடும். கட்டைத் தைத்த இடது ஓரத்தில் வரியின் முதல் எழுத்தே காணாமல் போயிருக்கும். தமிழில் இது பெரிய இழப்பு. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் இணைக் கொம்பு மூன்றுமே எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பவை. அவைதான் தையலுக்குள் முதலில் போகும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடு ஏன் என்றால், 161 வாக்குமூலத்தால் உங்களுக்கு ஆகக்கூடிய வேலை ஒன்றுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 162-ஆம் பிரிவும், 1.7.2024 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவும் அதைச் சாட்சியமாக ஏற்க விடுவதில்லை. கூண்டில் சாட்சி சொல்வதற்கும் முன்பு போலீசில் சொன்னதற்கும் உள்ள முரணைக் காட்டத்தான் உங்களுக்கு அது கிடைக்கிறது. அந்த முரணை மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. சாட்சியச் சட்டம் 145-இன்படி (இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 148) எந்தப் பகுதியை வைத்து முரண்படுத்துகிறீர்களோ அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், வாக்குமூலம் எழுதிய விசாரணை அதிகாரியிடம் கேட்டு அதை நிரூபிக்க வேண்டும். அன்று அதிகாரி கையில் மூலம் இருக்கும், உங்கள் கையில் டைப் செய்த தாள் இருக்கும். "அப்படி எழுதவில்லை, இப்படித்தான் எழுதியிருக்கிறேன்" என்று அவர் படித்துக் காட்டினால் அந்தக் கேள்வி அத்தோடு போயிற்று. அடுத்த கேள்விகளுக்கும் அதன் சேதம் தொடரும்.

இன்னொன்று இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. மேலே சொன்ன 162-ஆம் பிரிவின் விளக்கம், முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டதும் சூழ்நிலையைப் பொறுத்து முரணாகலாம் என்கிறது. "கத்தியைப் பற்றி நீர் போலீசில் சொல்லவே இல்லை" என்று குறுக்கு விசாரணையில் கேட்பது இதை வைத்துத்தான். ஆக, வாக்குமூலத்தில் ஒரு செய்தி இல்லை என்பதற்கே மதிப்பு உண்டு. படிக்க முடியாத ஒன்றரை வரியைப் புள்ளி வைத்துத் தாண்டிவிட்டால், உங்கள் படியைப் பார்ப்பவர் அங்கே எதுவும் இல்லை என்றே நினைப்பார். சொல்லாததும் படிக்க முடியாததும் ஒன்றாகிவிடும். படிக்க முடியாத இடத்தின் அளவை அவசியம் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். "படிக்க இயலவில்லை" என்று மட்டும் எழுதினால் பாதி வேலை. "படிக்க இயலவில்லை, ஏறத்தாழ 5 சொல், நீர்க்கறை" என்றால் முழு வேலை.

குறிகளை அதிகமாக்காதீர்கள், நான்கு போதும். எழுத்து தெரியாத இடத்துக்கு மேலே சொன்னது போல அளவும் காரணமும் சதுர அடைப்புக்குள். வாசிப்பு பெரும்பாலும் சரி, ஆனால் உறுதி இல்லை என்றால் சொல்லை அடைப்பில் போட்டு கேள்விக்குறி: [வாசலில்?]. அடித்தல், மேலே எழுதுதல், இடைச்செருகலுக்கு நடந்ததை அப்படியே சொல்லும் குறி: [அடிக்கப்பட்டது: வலது] [மேலே எழுதப்பட்டது: இடது, சுருக்கொப்பம் இல்லை]. மூலத்திலேயே பிழை இருந்தால் பிழையோடு டைப் செய்து பக்கத்தில் [உள்ளபடி]. இந்த நான்கின் பொருளையும் முதல் பக்கத்தின் தலைப்பில் எழுதிவிடுங்கள். வட்ட அடைப்பை எங்கும் பயன்படுத்த வேண்டாம், போலீஸ்காரரே வட்ட அடைப்பு போட்டிருப்பார். எது அவருடையது, எது உங்களுடையது என்ற குழப்பம் வரக்கூடாது.

வரிக்கு வரி டைப் செய்யுங்கள். மூலத்தில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடித்து, ஓரத்தில் வரி எண் போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கூண்டருகே நின்றுகொண்டு "மூன்றாம் பக்கம் ஏழாவது வரி" என்று சொன்னதும் நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் அதிகாரியும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

இனி ஒரு சொல்லை எடுத்துச் செய்தே பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக அமைத்தது, ஆனால் கட்டுகளில் அடிக்கடி எதிர்ப்படும் வகைதான். மூன்றாம் பக்கம் ஏழாம் வரியில், "சத்தம் கேட்டு ஓடிப்போய் எதிரி அருவாளால் வெட்டியதை" என்பது வரை தெளிவு. அடுத்த சொல்லின் மேல் மை கொட்டியிருக்கிறது. கடைசியில் "டேன்" மட்டும் தெரிகிறது. அது "கண்டேன்" என்றால் அவர் கண்ணால் பார்த்த சாட்சி. "கேட்டேன்" என்றால் வேறு கதை. யாரோ சொல்லக் கேட்டிருக்கலாம், அல்லது ஏன் வெட்டினாய் என்று எதிரியிடம் கேட்டிருக்கலாம். வழக்கே இந்தச் சொல்லில் தொங்கக்கூடும்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். "கண்" எழுதவும் "கேட்" எழுதவும் ஏறக்குறைய ஒரே இடம் பிடிக்கும். ஒன்றில் மூன்று சுழி ணகரம் அகலம், மற்றதில் முன்னால் இரட்டைக் கொம்பு அகலம். ஆகவே அகலம் தீர்ப்புச் சொல்லாது. புள்ளியும் உதவாது, இரண்டிலும் நடுவில் மெய்யெழுத்து உண்டு. அதோடு வேகமாக எழுதும் நிலைய எழுத்தர்கள் பலர் புள்ளியே வைப்பதில்லை. மைக்கறையின் இடது விளிம்பில் ஒரு கோடு கீழே இறங்குவது தெரிகிறது. இரட்டைக் கொம்பின் அடிப்பகுதி என்று பாய்ந்துவிடத் தோன்றும். ஆனால் முன் சொல் "வெட்டியதை" தகரத்தில் முடிகிறது, தகரத்தின் வாலும் வரிக்குக் கீழே இறங்கும். இதே எழுத்தர் மற்ற வரிகளில் தகரத்தின் வாலை எவ்வளவு நீட்டுகிறார் என்று பாருங்கள். நீட்டுபவராக இருந்தால் அந்தக் கோடும் சாட்சி சொல்லாது.

மூலத்தைக் கையில் வாங்கியதும் இரண்டு வேலை செய்யலாம். டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில், மேசையோடு ஒட்டினாற்போல் பிடித்தால் பால்பாயிண்ட் பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தாளின் பின்புறத்திலும் அந்த அழுத்தம் புடைத்திருக்கும். கறை வேறு நிற மையாகவோ தேநீராகவோ இருந்தால் நல்ல வெளிச்சத்தில் அடியில் உள்ள எழுத்து தானாகவே தெரிந்துவிடும். மூலத்தைத் தேய்ப்பது, ஈரப்படுத்துவது, அதில் ஒரு புள்ளி வைப்பது, எதுவும் கூடாது.

அப்படியும் தெரியவில்லை என்று வையுங்கள். அப்போது மொழி என்ன சொல்கிறது என்று பாருங்கள். "வெட்டியதை" என்று இரண்டாம் வேற்றுமையில் நிற்பதற்கு "கண்டேன்" பொருந்தும். கேள்விப்பட்டதைச் சொல்லியிருந்தால் "வெட்டியதாக" என்று வந்திருக்க வேண்டும். எதிரி தரப்பில் இருக்கும் உங்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். மறுபக்கம், இதே வாக்குமூலத்தில் பார்த்ததைச் சொல்லும் மற்ற இடங்களில் எல்லாம் எழுத்தர் "பார்த்தேன்" என்றே எழுதியிருக்கிறார், "கண்டேன்" வேறெங்கும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். இந்த இரண்டும் குறிப்புக்கு உரியவை. படியில் அந்த வரி இப்படி மட்டும் இருக்கும்:

பக்கம் 3, வரி 7: சத்தம் கேட்டு ஓடிப்போய் எதிரி அருவாளால் வெட்டியதை [படிக்க இயலவில்லை, 2 அல்லது 3 எழுத்து, மைக்கறை]டேன்

குறிப்பில்: "கண்டேன் அல்லது கேட்டேன். முன் சொல்லின் வேற்றுமை முதலாவதற்குப் பொருந்துகிறது. ஆனால் இவ்வாக்குமூலத்தில் காண்பதைக் குறிக்க மற்ற இடங்களில் பார்த்தேன் என்றே உள்ளது. இடது விளிம்பில் தெரியும் கோடு தகரத்தின் வாலாகவும் இருக்கலாம். மூலத்தைப் பக்க ஒளியில் பார்த்தும் தெளியவில்லை."

இதில் நான் எதைச் சேர்க்கவில்லை என்று கவனியுங்கள். முதல் தகவல் அறிக்கையில் இவர் நேரில் பார்த்ததாக இருக்கிறது என்றோ, காயச் சான்றிதழில் இப்படி இருக்கிறது என்றோ எழுதவில்லை. ஒரு தாளில் தெரியாததை இன்னொரு தாளிலிருந்து எடுத்து நிரப்பினால் இரண்டு தாளும் ஒத்துப்போவதாகத் தோற்றம் வந்துவிடும். அவை ஒத்துப்போகின்றனவா என்பதுதான் வழக்கின் கேள்வியே. எண்களில் இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும். ஜெராக்ஸில் "இரவு 1.30 மணி" என்று தெரிகிறது, முதல் தகவல் அறிக்கை 7.30 என்கிறது. உடனே 7 என்று டைப் செய்துவிடுவார்கள். மூலத்தைப் பார்த்தால் ஏழின் தலையில் மெல்லிய கோடு இருக்கவும் கூடும், உண்மையிலேயே ஒன்றாக இருக்கவும் கூடும். ஒன்று என்றால் அது உங்கள் கட்சிக்காரருக்குக் கிடைத்த முரண், அதை உங்கள் குமாஸ்தாவே அழித்திருப்பார்.

தமிழ் கையெழுத்தில் பொருளைப் புரட்டிவிடும் இடங்கள் சில உண்டு, அங்கே மட்டும் நிதானமாகப் பாருங்கள். காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். "வெட்டினர்" என்பதில் னகரத்துக்குப் பிறகு ஒரு கோடு, "வெட்டினார்" என்பதில் இரண்டு கோடு. ஒன்று பலர் வெட்டியது, மற்றது ஒருவர் வெட்டியது. பல எதிரிகள் உள்ள வழக்கில் அவர்களுக்குப் பொதுவான உள்நோக்கம் இருந்ததா என்ற வாதம் இதில் நிற்கும். வரியின் கடைசியில் நெருக்கி எழுதிய "வில்லை", "தெரியாது" என்பதன் கடைசி எழுத்து, "பார்த்தேன்" "பார்த்தோம்" என்பதன் வேறுபாடு, இவையும் அப்படியே. ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் ன, ண, ள, ல மாறியிருந்தால் [உள்ளபடி] போட்டு நகருங்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். "௸" என்ற குறியைப் பலர் "ஷை" என்று டைப் செய்கிறார்கள். அது "மேற்படி" என்பதன் சுருக்கக் குறி. குறியை அப்படியே போட்டு, பொருளை முதல் பக்கத்தில் ஒரு முறை சொல்லிவிடலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பழகிய கை என்றால் லை, னை, ணை போன்றவை துதிக்கை வடிவில் வரும். பழைய சொத்து வழக்குக் கட்டுகளில் இது நிறைய உண்டு, உங்கள் வழக்கில் வராது.

வாக்குமூலத்தின் உடலை மட்டும் டைப் செய்து நிறுத்துவது அடுத்த குறை. மேல் ஓரத்திலும் பின்பக்கத்திலும் இருப்பவை பல நேரம் உடலைவிட முக்கியமானவை. அதிலும் நீதிமன்ற முத்திரை. வாக்குமூலம் பதிவான தேதியாக மேலே ஒன்று இருக்கும். அது நடுவர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த தேதி முத்திரையிலும் நடுவரின் சுருக்கொப்பத்திலும் இருக்கும். சம்பவத்துக்கு மறுநாள் எழுதியதாகச் சொல்லும் வாக்குமூலம் பல வாரம் கழித்து, குற்றப்பத்திரிகையோடுதான் நீதிமன்றத்துக்கு வந்தது என்றால், இடையில் எழுதப்பட்டிருக்கலாம் என்று வாதிட உங்கள் சீனியருக்கு அது வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால் அதற்கும் அதே சதுர அடைப்பு, அதே கேள்விக்குறி. 162-இன்படி போலீசில் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. போட்டிருந்தால் அதையும் எந்த இடத்தில் என்று குறியுங்கள். அது இருப்பதாலேயே சாட்சியம் செல்லாததாகிவிடாது, ஆனால் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நம்பகத்தன்மை பற்றி எழுதலாமா? எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் எதன் நம்பகத்தன்மை என்பதில் எல்லை உண்டு. என் வாசிப்பு எவ்வளவு உறுதி என்று சொல்வது படி தயாரித்தவரின் கடமை. தாள் எந்த நிலையில் இருக்கிறது, பக்கம் குறைகிறதா, நடுவில் மையோ கையெழுத்தோ மாறுகிறதா என்று கண்ணால் கண்டதைச் சொல்வதும் அவர் வேலையே. சாட்சி சொன்னது உண்மையா என்பது நீதிபதி முடிவு செய்வது. அதைப் பற்றி ஒரு சொல்கூடக் குறிப்பில் வரக்கூடாது. "சந்தேகத்துக்கிடமான திருத்தம்" என்று எழுதாதீர்கள். "வலது என்பது அடிக்கப்பட்டு, மேலே இடது என்று கறுப்பு மையில் உள்ளது. வரியின் மற்ற பகுதி நீல மை" என்று எழுதுங்கள். படிப்பவரே புரிந்துகொள்வார், எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்க முடியாது.

161 வாக்குமூலத்தின் நடை சாட்சியுடையது அல்ல என்பதும் இங்கே நினைவிருக்கட்டும். செங்கல் சூளையில் வேலை செய்பவர் "மேற்படி எதிரியானவர் கொலை செய்யும் எண்ணத்தோடு" என்று பேசமாட்டார். அவர் சொன்னதை அதிகாரி தன் நடையில், ஆனால் சாட்சியே "நான்" என்று பேசுவது போல எழுதிக்கொள்கிறார். மூன்று சாட்சிகளின் வாக்குமூலமும் வரிக்கு வரி ஒரே மாதிரி இருப்பதையும் டைப் செய்யும்போது நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். சீனியருக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள், மிக உதவும். ஆனால் அது வாதத்துக்கான சரக்கு. படியோடு இணைக்கும் குறிப்பில் அதற்கு இடமில்லை.

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எதைப் பார்த்துப் படி எடுத்தீர்கள் (மூலம், கார்பன் நகல், ஜெராக்ஸ்), எந்தத் தேதியில் மூலத்தோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை தாள், எந்தப் பக்கம் எழுத்து நிரம்பியது, எது வெற்று, பிறகு சந்தேகமான சொற்கள் வரி எண்ணோடு. அவற்றிலும் எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டியதில்லை. பொருள் மாறும் இடத்துக்கு மட்டும் மேலே காட்டியது போல மூன்று நான்கு வரி. "இரண்டு வாசிப்புக்கும் சம வாய்ப்பு" என்றால் அப்படியே சொல்லுங்கள். எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்று போடாதீர்கள், அந்த எண்ணுக்கு அடிப்படை என்ன என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒப்பிடும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், டைப் செய்தவர் தனியாகச் செய்யக்கூடாது. தான் எழுதியதையே அவர் கண் மூலத்திலும் பார்க்கும். நீதிமன்ற நகல் பிரிவில் எழுதியவர், ஒப்பிட்டவர் என்று இரண்டு ஒப்பம் இருப்பதற்குக் காரணம் இதுதான். வழக்கு தெரியாத ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் படியைப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எடுத்துக்கொடுக்காதீர்கள். நீங்கள் உறுதி என்று நினைத்த சொல்லை அவர் வேறாகப் படித்தால், அந்தச் சொல்லுக்கும் ஒரு கேள்விக்குறி சேரும். கடைசியில் "மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. சதுர அடைப்பில் உள்ளவை மூலத்தில் இல்லாதவை அல்லது உறுதியற்ற வாசிப்புகள்" என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இந்த வரி இல்லாமல் வெறுமனே "உண்மை நகல்" என்று முத்திரை போட்டால், தெரியாததையும் தெரிந்ததாகச் சான்றளித்தது போலாகும்.

மேல்முறையீடு என்று உயர்நீதிமன்றம் போனால் இதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பவர் கேள்விக்குறிகளை எல்லாம் விழுங்கிவிட்டு ஓட்டமாக எழுதிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். "கண்டேன்" என்று அவரே முடிவு செய்துவிடுவார். அடைப்புகள் ஒன்று விடாமல் மொழிபெயர்ப்பிலும் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

விசாரணையில் அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே சண்டை வந்தால், தெளிவில்லாத எழுத்துக்குப் பொருள் என்ன என்று சாட்சியம் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 98-ஆம் பிரிவு, இப்போது அதினியத்தின் 101. சுருக்கக் குறிகளும் வட்டார வழக்கும் அதில் அடங்கும். எழுதிய அதிகாரியே கூண்டில் நிற்கும்போது அவரைப் படிக்கச் சொல்வதா, அல்லது கேட்காமல் விட்டு வாசிப்பு உறுதியில்லை என்று வாதிடுவதா என்பது சீனியரின் முடிவு. கேட்பதாக இருந்தால் டைப் செய்த படியை முன்கூட்டியே அவரிடம் காட்டாதீர்கள், மூலத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அவர் சொல்வது சாட்சியத்தில் பதிவான பிறகும் உங்கள் படியில் மூன்றாம் பக்கம் ஏழாம் வரியைத் திருத்த வேண்டாம். குறிப்பின் கீழே அந்தத் தேதியோடு, அதிகாரி இப்படிப் படித்தார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.